போட்டோவில் வந்த கல்யாணப் பத்திரிகை புரூஃபை வயதானவர்கள் படிக்கும்படி திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியப்பா ஒருவர், பாலக்கோடு பக்கம், வயது எழுபத்தி நாலு, சில வருடம் முன்னால் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் துணிப்பையோடு மண்டபத்துக்கு வந்து நின்றார். மண்டபத்தில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையில் "ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்" என்று சரியாகத்தான் போட்டிருந்தது. அவர் கணக்கில் அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுத்து எழுந்தால் வருவது. ராத்தங்கிக் கல்யாணம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், கல்யாணம் முடிந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிட்டார். அந்தப் பத்திரிகையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, ஆனால் யாருக்காக அச்சடித்தார்களோ அவருக்கு அது புரியவில்லை.

அதனால் போன தை மாதம் எங்கள் சின்னம்மா மகள் கல்யாணம் தருமபுரியில் வைத்தபோது, பத்திரிகை பார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது, அதிலிருந்து கடைசிப் பிரிண்ட் வரைக்கும் என்ன செய்தேன், எங்கே தப்பாகப் போனது, எப்படிச் சரி செய்தோம் என்பதை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கார்டு அளவு வேறாக இருக்கலாம், கணக்கு மட்டும் இதேதான்.

முதலில் போட்டோவை நம்பாதீர்கள்

புரூஃப் போட்டோவில் பெரிய சிக்கல், எழுத்து உண்மையில் எவ்வளவு பெரியது என்பதே அதில் தெரியாது. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லிவிடுகிறோம். ஆயாவுக்குக் கொடுக்கப்போகும் அட்டையை யாரும் இழுத்துப் பெரிதாக்க முடியாது.

எங்களுக்கு வந்தது கம்ப்யூட்டர் திரையைச் சாய்வாக எடுத்த போட்டோ. மேல் பாதி அகலமாகவும் கீழ் பாதி குறுகலாகவும் இருந்தது, நடுவில் திரையின் கோடுகள் வேறு. முடிந்தால் பி.டி.எஃப். கேளுங்கள். அதையும் போட்டோவாக மாற்றி அனுப்பாமல் வாட்ஸ்அப்பில் Document என்று போட்டு அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் தெளிவு குறையாமல் வரும். பி.டி.எஃப். தர மாட்டேன், தாளில் அடித்ததைத்தான் போட்டோ எடுத்து அனுப்புவேன் என்றால், தாளைத் தரையில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நேர் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது, எழுத்தின் அளவு அதிலேயே தெரிந்துவிடும்.

இது எதுவும் கிடைக்காவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. அச்சகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அட்டை மடித்தபின் ஒரு பக்கம் எத்தனை இன்ச்?" எங்களுக்கு 7க்கு 9 இன்ச் என்றார்கள். 9 இன்ச் என்றால் கிட்டத்தட்ட 228 மில்லிமீட்டர். மேலும் கீழும் பார்டரும் பிள்ளையார் படமும் போக, எழுத்துக்கு மிஞ்சியது 180 மில்லிமீட்டர். அப்புறம் போட்டோவில் வரிகளை எண்ணினேன், 34 வரி. 180ஐ 34ஆல் வகுத்தால் ஒரு வரிக்கு 5.3 மில்லிமீட்டர்தான். இந்த ஒரு எண் போதும். போட்டோ எவ்வளவு சாய்ந்திருந்தாலும் வரியின் எண்ணிக்கை மாறப்போவதில்லை, அட்டையின் அளவும் மாறப்போவதில்லை.

5.3 மில்லிமீட்டர் என்றால் என்ன என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தாளில் ஸ்கேல் வைத்து அந்த இடைவெளியில் ஐந்தாறு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு எழுதிப் பாருங்கள். பக்கத்தில் 7 மில்லிமீட்டர் இடைவெளியில் அதையே எழுதுங்கள். இரண்டையும் வீட்டில் இருக்கும் பெரியவரிடம் கொடுத்தால் எது வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். எங்கள் ஆயா 7ஐத்தான் கையில் வைத்துக்கொண்டது. 7 மில்லிமீட்டர் என்பது அச்சுக்காரர்கள் கணக்கில் 20 பாயிண்ட் (ஒரு இன்ச்சுக்கு 72 பாயிண்ட்), அதில் 14 பாயிண்ட் எழுத்து தாராளமாக உட்காரும்.

"எழுத்தைப் பெரிசு பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்

இந்தத் தப்பை நான் செய்தேன். முதல் தடவை அச்சகத்துக்குப் போன் போட்டு, "அண்ணா, எழுத்து பொடிசா இருக்கு, கொஞ்சம் பெரிசு பண்ணுங்க" என்றேன். அரை மணி நேரத்தில் இரண்டாவது போட்டோ வந்தது. எழுத்து பெரிதாகித்தான் இருந்தது, 12 பாயிண்டிலிருந்து 14. ஆனால் வரி அதே 34, பக்கமும் அதே பக்கம், ஆகவே வரி இடைவெளி அதே 15 பாயிண்ட். அவர் மேல் குற்றம் இல்லை, நான் கேட்டதைத்தான் செய்திருந்தார்.

நம் எழுத்து மேலேயும் போகும், கீழேயும் போகும். கி, கீயின் கொக்கி மேலே, புள்ளி மேலே, கு, து, மூ, ரூவின் வால் கீழே. இடைவெளி இல்லாமல் நெருக்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். எங்கள் இரண்டாவது போட்டோவில் மேல் வரியில் "குமாரத்தியுமாகிய", அதற்கு நேர் கீழே "திருநிறைச்செல்வி". குவின் வால் ச்சின் புள்ளி மேல் ஒட்டி, புள்ளியே காணாமல் போயிருந்தது. நமக்குக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அந்த இடம் ஒரு கறைதான், அங்கே வந்ததும் விரல் நின்றுவிடும். முதல் போட்டோவில் சிறிய எழுத்தாக இருந்தபோதுகூட இதைவிட நன்றாகத் தெரிந்தது.

ஆக, இடைவெளி வேண்டும் என்றால் வரியைக் குறைக்க வேண்டும், வரியைக் குறைக்க வாசகத்தைக் குறைக்க வேண்டும். 180ஐ 7ஆல் வகுத்தால் 25 சொச்சம், ஆக 25 வரி. எங்களிடம் இருந்தது 34. ஒன்பது வரி போக வேண்டும். அது எழுத்துருவை மாற்றியோ அட்டையை மாற்றியோ வராது, உட்கார்ந்து வாசகத்தைத் திருத்தினால்தான் வரும்.

எந்த வரியை எடுப்பது, எதைத் தொடக்கூடாது

முதல் போட்டோவைத் தாளில் அப்படியே எழுதி வரிக்கு எண் போட்டேன், 1 முதல் 34 வரை. இதை நீங்களும் செய்யுங்கள், பின்னால் அச்சகத்தோடு பேசும்போது இந்த எண்தான் உதவும்.

மேலே மூன்று வரி: பிள்ளையார் துணை, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் துணை, பெண் வீட்டுக் குலதெய்வம் துணை. இதில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் மூன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் பிள்ளையார் துணை, இடப்பக்கம் ஒரு குலதெய்வம், வலப்பக்கம் ஒரு குலதெய்வம், ஒரே வரியில். இரண்டு வரி மிச்சம்.

அடுத்தது ஊர். தாத்தா பாட்டி பெயர் வந்த இடமெல்லாம் கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று முழு முகவரி போட்டிருந்தது. பத்திரிகையைப் பார்த்து யாரும் அந்தத் தாத்தாவுக்குக் கடிதம் போடப்போவதில்லை. சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்தது ஊர் பெயர்தான், "பாப்பாரப்பட்டிக்காரர்" என்றால் போதும். ஊர் பெயரை மட்டும் வைத்ததில் மூன்று வரி போனது.

மணமக்களின் படிப்பும் வேலையும் ஆளுக்கு இரண்டு வரி. படிப்பைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரியில் வைத்துக்கொண்டு, கம்பெனி பெயரை எடுத்தோம். இதற்கு மட்டும் மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் யோசித்தார்கள். பக்கத்து ஊரில் சொல்வதற்கு அது வேண்டும் என்று அவர்கள் நினைப்பது நியாயம்தான். அட்டையின் முகப்பில் பெயருக்குக் கீழே போட்டுத் தருகிறோம் என்றதும் சரி என்றுவிட்டார்கள். இரண்டு வரி மிச்சம்.

பஞ்சாங்க விவரம் நாலு வரி ஓடியது. வருடம், மாதம், திதி, நட்சத்திரம், யோகம், லக்னம். சின்ன வயதுக்காரர்கள் இதை எடுத்துவிடலாம் என்பார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்திரிகை கைக்கு வந்ததும் வயதானவர்கள் முதலில் தேடுவதே இதைத்தான், "என்ன நட்சத்திரத்தில வச்சிருக்காங்க" என்று. ஆனால் தேதியும் மணியும் இந்தக் கூட்டத்துக்கு நடுவில் புதைந்து கிடந்தன. அவற்றைத் தனி ஒரு வரியாக வெளியே எடுத்ததும் மீதி இரண்டு வரியில் அடங்கியது. இங்கே ஒரு வரி.

கடைசியில் அழைப்பு வாசகம் நாலு வரி. "தாங்கள் தங்கள் குடும்பத்துடனும் சுற்றத்தாருடனும் நண்பர்களுடனும் முன்னதாகவே வருகை தந்திருந்து விழாவினைச் சிறப்பித்து மணமக்களை மனதார வாழ்த்தி ஆசீர்வதித்து அருள வேண்டுமாய் இருகரம் கூப்பி அன்புடன் அழைக்கிறோம்." இதை "தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள அன்புடன் அழைக்கிறோம்" என்று இரண்டு வரியாக்கினோம். மரியாதை குறையவில்லை, "தாங்கள்" இருக்கிறது, "வாழ்த்தியருள" இருக்கிறது. பெரியவர்கள் கவனிப்பது அந்த இரண்டு சொல்லைத்தான்.

இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, மொத்தம் பத்து வரி குறைந்து 24 ஆனது. ஒரு வரி கையில் இருந்தது. அதை எதற்குச் செலவு செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

தேதியும் நேரமும்: இந்த இடத்தில் நேரம் செலவு செய்யுங்கள்

போட்டோவில் இருந்த வாக்கியம் "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்" என்று ஆரம்பித்து, "தை மாதம் 25ஆம் நாள் (08.02.2026) ஞாயிற்றுக்கிழமை" என்று போய், திதி நட்சத்திரம் எல்லாம் தாண்டி, "சுபயோக சுபதினத்தில் அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்" என்று வந்து, அங்கேயும் நிற்காமல் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, பெண் பெயர், அந்தப் பக்கத்துத் தாத்தா பாட்டி, மாப்பிள்ளை பெயர் என்று எல்லாம் முடிந்து "திருமணம் நடைபெற உள்ளது" என்று பதினேழாவது வரியில் முடிந்தது. ஒரே வாக்கியம். வரவேற்பு அதற்கும் கீழே, "முதல் நாள் மாலை 6.30 மணி" என்று. முதல் நாள் என்றால் எந்த நாள் என்று படிப்பவர்தான் மேலே போய்த் தேதியைத் தேடிக் கணக்குப் போட வேண்டும்.

நாங்கள் மாற்றியது இப்படி:

பிப்ரவரி 7, சனிக்கிழமை மாலை 6.30 மணி: வரவேற்பு
பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.30 – 6.00: முகூர்த்தம்
(சனிக்கிழமை இரவு விடிந்தால் முகூர்த்தம்)

மூன்றாவது வரிதான் மிச்சம் வைத்திருந்த அந்த ஒரு வரி. இதைப் போடலாமா, பத்திரிகை வாசகம் மாதிரி இல்லையே என்று வீட்டில் பேச்சு வந்தது. பெரியப்பாவின் துணிப்பையை ஞாபகப்படுத்தினேன், யாரும் மறுக்கவில்லை. நம் பக்கம் பேச்சில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், "சனிக்கிழமை விடிஞ்சா கல்யாணம்" என்று. போனில் சொல்வதைக் கார்டில் சொல்ல என்ன தயக்கம்? விடிகாலை முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்த ஒரு வரியைச் சேருங்கள் என்பேன், வேறு எதையும் மாற்றாவிட்டாலும் பரவாயில்லை.

08.02.2026 என்று மட்டும் போடுவதைவிட மாதத்தின் பெயரை எழுத்தில் போடுவது நல்லது. எட்டாம் தேதி இரண்டாம் மாதமா, இரண்டாம் தேதி எட்டாம் மாதமா என்ற குழப்பம் வராது. தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் ஒரே வரியில் அடுத்தடுத்து வந்தால் 25ஆம் தேதி என்று மனதில் பதிந்துவிடுகிறவர்கள் உண்டு. அதனால் தை 25ஐப் பஞ்சாங்க வரியிலேயே விட்டுவிட்டு, பிப்ரவரி 8ஐத் தனியாக எடுத்தோம். எடுத்த பிறகு கிழமையையும் தேதியையும் தினசரி காலண்டரில் வைத்துச் சரிபாருங்கள், நேரம் புரோகிதர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இவற்றை நினைவிலிருந்து ஒப்பிடாதீர்கள்.

யார் யாருக்கு யார்

நீள வாக்கியத்தில் நேரத்துக்கு அடுத்துத் தொலைந்துபோவது உறவு. மாப்பிள்ளை பக்கத்தில் தாத்தா பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் "பேரனும்" என்ற சொல் வரி ஓரத்தில் உடைந்து நின்றது. எங்கள் ஆயா படித்துவிட்டு, மாப்பிள்ளையின் தாத்தாவை மாப்பிள்ளையின் அப்பா என்று எடுத்துக்கொண்டது. இதைச் சரிசெய்ய வாக்கியத்தை மாற்ற வேண்டியதுகூட இல்லை, வரி எங்கே உடைகிறது என்பதை மாற்றினால் போதும்:

தெய்வத்திரு (தாத்தா பெயர்) – திருமதி (பாட்டி பெயர்) அவர்களின் பேத்தியும்
திரு (அப்பா பெயர்) – திருமதி (அம்மா பெயர்) அவர்களின் மகளுமான
திருநிறைச்செல்வி (பெண் பெயர்)

ஒரு தலைமுறைக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் உறவுச் சொல். பெண் பக்கம் மூன்று வரி முடிந்ததும் அரை வரி இடைவெளி, அப்புறம் மாப்பிள்ளை பக்கம் அதே வரிசையில் மூன்று வரி. நடுவில் விடும் அந்த அரை வரி இடத்தை வீண் என்று நினைக்காதீர்கள், இரண்டு குடும்பத்தையும் பிரித்துக் காட்டுவது அதுதான். "குமாரத்தி" என்பதை "மகள்" என்று மாற்றியதில் வரியும் ஒரு வரிக்குள் அடங்கியது, யாருக்கும் மனத்தாங்கலும் வரவில்லை.

இங்கே ஒன்றை மட்டும் நாலு முறை பார்க்க வேண்டும்: இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு இருக்கிறதா, உயிரோடு இருப்பவருக்கு அது போய் உட்கார்ந்துவிடவில்லையே என்று. வரியை நகர்த்தும்போது அந்தச் சொல் ஒரு பெயர் தள்ளிப் போய்விடும். எங்கள் மூன்றாவது புரூஃபில் பாட்டிக்கு முன்னால் வந்துவிட்டது. ஆயாவே உட்கார்ந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

எழுத்துக்கு நடுவில் இடம் கூட்டச் சொன்னால் வரும் கோளாறு

அச்சகங்களில் இன்னும் பல இடங்களில் யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதில் "கொ" என்பது ஒரு எழுத்தாக இருக்காது. கொம்பு தனி, க தனி, கால் தனி என்று மூன்று துண்டு. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டினாலோ, வரியை இரண்டு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டினாலோ துண்டுகள் பிரிந்து நிற்கும். சில எழுத்துருவில் புள்ளிகூடத் தன் எழுத்தை விட்டுப் பக்கத்து எழுத்தின் மேல் நகர்ந்துவிடும். போட்டோவை முழுதாகப் பார்த்தால் இது கண்ணுக்குப் படாது. கெ, கே, கொ வரும் சொல்லாகப் பார்த்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள், கொம்பு மட்டும் வரிக் கடைசியில் தனியாக நிற்கிறதா என்று வலது ஓரத்தையும் பாருங்கள்.

ஆகவே கேட்க வேண்டியது வரி இடைவெளியையும் சொல்லுக்குச் சொல் இடைவெளியையும்தான், எழுத்துக்கு எழுத்து வேண்டாம். வரிகளை நடுப்படுத்தி விடுங்கள், ஓரத்துக்கு ஓரம் இழுக்க வேண்டாம். நம் சொற்கள் நீளம், ஒரு வரியில் ஐந்தாறு சொல்தான் வரும், இழுத்தால் நடுவில் பள்ளம் விழும்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பும் வாசகத்தை அவர்கள் அந்த எழுத்துருவுக்கு மாற்றியோ மறுபடி அடித்தோதான் போடுவார்கள். "நான் சரியாத்தானே அனுப்பினேன்" என்று விட்டுவிடக் கூடாது. ஸ்ரீ உடைந்திருக்கிறதா, அழைப்பிதழில் ழ் ல் ஆகியிருக்கிறதா, பெயர்களில் ர ற மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் அட்டையில் ஓரிடத்தில் தர்மபுரி, ஓரிடத்தில் தருமபுரி என்று இருந்தது. இரண்டும் புழங்குகிறது, ஏதாவது ஒன்றை எல்லா இடத்திலும் வையுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் சுருக்கமாக ஒன்று: வளைந்து நெளிந்த அலங்கார எழுத்து மணமக்கள் பெயருக்கு மட்டும் இருக்கட்டும், அதுவும் எல்லா எழுத்தும் அடையாளம் தெரிந்தால். மற்றதெல்லாம் நேரான, ஒரே தடிமனான எழுத்தில். வாசகத்துக்குப் பின்னால் மங்கலாகப் பிள்ளையார் படமோ தாமரையோ இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், முகப்பில் பளிச்சென்று இருந்தால் போதும். மெரூன் அட்டையில் தங்க எழுத்து போட்டோவில் அருமையாக இருக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் பாதி எழுத்து மினுமினுத்து மறையும். உள் பக்கத்துக்கு வெளிர் மஞ்சளில் அடர் சிவப்போ கறுப்போ எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம், வழி, போன்

மண்டபத்தின் பெயர், சேலம் மெயின் ரோடு, தருமபுரி என்று முடித்திருந்தார்கள். சேலம் ரோடு நீளமானது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பஸ்ஸில் வரும் பெரியவருக்குத் தெரிய வேண்டியது, தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகு என்ன செய்வது என்பது. எந்தப் பக்கம் போகும் பஸ், எந்த நிறுத்தம் என்று சொல்லி இறங்க வேண்டும், இறங்கினால் மண்டபம் எந்தக் கைப்பக்கம், இதை ஒரு வரியில் எழுதுங்கள். நிறுத்தத்தின் பெயரை கண்டக்டர் சொல்லும் பெயரிலேயே எழுத வேண்டும், அதற்கு ஒரு நாள் அந்தப் பஸ்ஸில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். மேப்புக்கான க்யூஆர் கட்டத்தைப் பின் அட்டைக்கு அனுப்பினோம்.

போன் எண் ஐந்து போட்டிருந்தார்கள், இரண்டாகக் குறைத்தோம். ஒரு எண்ணின் பத்து இலக்கத்தையும் ஒட்டாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடுங்கள். கல்யாணத்தன்று விடிகாலை நாலு மணிக்கு யார் போனை எடுக்க முடியுமோ அவருடைய எண்ணாக இருக்கட்டும். மணமகளின் அப்பா எண்ணைப் போட்டால் அன்றைக்கு அவர் எடுக்கவே முடியாது.

வலது பக்கம் முழுக்க "தங்கள் நல்வரவை நாடும்" பட்டியல். இதில் நான் கை வைக்கவில்லை. ஒரு பெயர் விட்டுப்போனால் பத்து வருடம் பேச்சு நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே எழுத்து சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் யாரும் முழுதாகப் படிப்பதில்லை, தன் பெயரைத் தேடுவார்கள். தேடுவதற்கு வசதியாக, தாய்மாமன்மார், பெரியப்பா சித்தப்பா வகை, அத்தை மாமா வகை என்று தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டு, ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் நடுவில் ஒரு வரி விட்டோம்.

திருத்தத்தை அச்சகத்துக்குச் சொல்வது

போட்டோ மேலேயே சிவப்பில் கிறுக்கி அனுப்பாதீர்கள், எந்தக் கோடு எந்தச் சொல்லுக்கு என்று அங்கே தெரியாது. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். ஆளுக்கொரு பக்கம் போன் போடவே வேண்டாம். எங்கள் வீட்டில் மாமா ஒன்று சொல்ல, சித்தப்பா ஒன்று சொல்ல, பழைய புரூஃபில் ஒரு திருத்தம், புதியதில் ஒரு திருத்தம் என்று ஒரு நாள் போனது. ஒருவரே எல்லாருடைய திருத்தத்தையும் வாங்கி, வரி எண் போட்டு அனுப்ப வேண்டும். இந்த மாதிரி:

வரி 2, 3: எடுத்துவிட்டு, இரண்டையும் வரி 1இன் இடப்பக்கமும் வலப்பக்கமும் வைக்கவும்.
வரி 10: "குமாரத்தியுமாகிய" எடுத்து "மகளுமான" போடவும்.
வாசகம் முழுக்க: எழுத்து 14, வரி இடைவெளி 20. நடுப்படுத்தவும்.

எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். புதிய புரூஃப் வந்ததும் திருத்திய வரியை மட்டும் பார்க்காமல் முதல் வரியிலிருந்து பாருங்கள். ஒன்று நகர்ந்தால் கீழே எல்லாம் நகரும்.

பெரியவர் கையில் கொடுத்துப் பார்ப்பது

கடைசி பி.டி.எஃப். வந்ததும் ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் Actual size வைத்து அடித்துத் தரச் சொல்லுங்கள். Fit என்று இருந்தால் அளவு மாறிவிடும். 7க்கு 9 இன்ச் ஏ4க்குள் அடங்கும். அடித்ததும் ஸ்கேல் வைத்து அகலம் 7 இன்ச் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

சாயங்காலம், வீட்டு டியூப்லைட்டில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், மனசு நோகக் கூடாதென்று. அதற்குப் பதிலாக, என்றைக்குக் கல்யாணம், நீங்கள் எப்போது கிளம்பணும், எங்கே இறங்கணும், பெண்ணுக்கு அப்பா யார் என்று கேளுங்கள். பதிலைவிட விரலைப் பாருங்கள். எந்த வரியில் விரல் நிற்கிறது, எங்கே தாளைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்க்கிறார், எங்கே திரும்ப மேல் வரிக்குப் போகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆயாவின் விரல் இரண்டு இடத்தில் நின்றது. ஒன்று, 4.30க்கும் 6.00க்கும் நடுவில் இருந்த கோடு. அதைக் கழித்தல் குறி என்று நினைத்துவிட்டது. "4.30 மணி முதல் 6.00 மணிக்குள்" என்று மாற்றினோம், வரி கொஞ்சம் நீண்டது, ஆனால் அடங்கியது. இன்னொன்று பஞ்சாங்க வரி, அங்கே நின்றதற்குக் காரணம் எழுத்து இல்லை, நட்சத்திரம் மாப்பிள்ளைக்குப் பொருந்துமா என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்ததாம். பெரியப்பாவுக்கு இன்னொரு பிரதியைப் பாலக்கோட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் போன் வந்தது: "அப்போ சனிக்கெழமை மத்தியானமே கெளம்பிடறேன்டா."

அதற்கப்புறம்தான் அச்சகத்துக்கு "அடிச்சிடுங்கண்ணா" என்று சொன்னேன்.